அடுப்பு எரியும்போதே ஏறாமல் நிற்கும் வெப்பநிலை

“மகள் 10ஆம் தரம். ஐஸைச் சூடாக்கி, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பமானியைப் பார்த்து எழுதினோம். வரைபில் இரண்டு இடத்தில் கோடு ஏறாமல் படுத்துவிட்டது. அடுப்பு எரிந்துகொண்டேதானே இருந்தது, அந்தச் சூடு எங்கே போனது? முதல் இடத்தில் கோடு சரியாகப் படுக்கவும் இல்லை. ஐஸ் மிதக்கும்போதே 3 பாகைக்கு ஏறிவிட்டது.”
— ஒரு தாய், வெள்ளவத்தை

வெப்பமானி காட்டுவது மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாக அசைகின்றன என்பதை. ஐஸுக்குள் அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. 0 பாகைக்கு வந்ததும், அடுப்புக் கொடுக்கும் சக்தி முழுவதும் அந்தப் பிடியைத் தளர்த்தவே செலவாகிறது. வேகம் கூடாததால் வெப்பநிலையும் கூடுவதில்லை. பாடப்புத்தகம் இதைத்தான் மறைவெப்பம் என்கிறது.

100 கிராம் ஐஸை −10 பாகையில் எடுத்து, செக்கனுக்கு 200 யூல் வீதம் வெப்பம் கொடுப்பதாக வைப்போம். 0 பாகைக்கு வரப் பத்துச் செக்கன் போதும். உருகி முடிய ஏறக்குறைய 2 நிமிடம் 47 செக்கன். பிறகு 100 பாகை வரை ஏற மூன்றரை நிமிடம். முழுவதும் ஆவியாகிப் போக 19 நிமிடம்! உருகும்போது பிடி தளர்ந்தால் போதும், நீர் மூலக்கூறுகள் இன்னும் ஒட்டியே இருக்கும். ஆவியாகும்போது ஒவ்வொன்றும் தனித்தனியே பிரிந்து போகவேண்டும். அதனால்தான் இரண்டாவது கிடைக்கோடு அவ்வளவு நீளம்.

நீளம் என்றதும் ஒன்று. ஒரு கிராம் நீரை 0 இலிருந்து 100 பாகைக்கு ஏற்ற 420 யூல் வேண்டும். உருகிய நேரம் அதற்கு எடுத்த நேரத்தைப்போல 0.8 மடங்கு என்றால், 420ஐ 0.8ஆல் பெருக்குங்கள்: ஒரு கிராம் ஐஸ் உருக வேண்டிய வெப்பம் 336 யூல் என்று வரும். நூல்களில் இருப்பது 334. அடுப்பின் வலு என்னவென்று தெரியாமலே கணித்துவிட்டீர்கள். வீட்டில் இவ்வளவு கிட்ட வராது. சூடான சட்டி வெளிக்காற்றுக்கும் வெப்பத்தை இழக்கும்.

சரி, அந்த 3 பாகை. ஐஸ் மேலே மிதக்கிறது, சூடு கீழிருந்து வருகிறது. போதாததற்கு, நீர் 4 பாகையில்தான் மிகவும் அடர்த்தியானது. அதனால் 3, 4 பாகை நீர் மேலே எழும்பாமல் அடியிலேயே தங்கிவிடும். உங்கள் வெப்பமானியின் குமிழ் அங்கே இருந்திருக்கும், அல்லது சட்டியின் அடியைத் தொட்டிருக்கும். நன்றாகக் கலக்கிப் பாருங்கள். ஐஸ் மிச்சம் இருக்கும்போதே அளவு மறுபடி 0 பக்கம் இறங்கினால், பிழை அளந்த விதத்தில்தான். அடுத்த முறை ஐஸை நொறுக்கிப் போட்டு, குமிழை நடுவில் தொங்கவிட்டு, தீயைக் குறைத்து, விடாமல் கலக்குங்கள்.

இரண்டாவது கோடு கொழும்பில் 100 பாகையை ஒட்டி நிற்கும். இதையே நுவரெலியாவில் செய்தால் 94 பாகை அளவிலேயே படுத்துவிடும், அங்கே காற்றழுத்தம் குறைவு. அதற்கு மேல் நீராவி சூடாகும் சரிவைத் திறந்த சட்டியில் பார்க்க முடியாது, ஆவி பறந்துவிடும். அதைப் பிடிக்கிறேன் என்று மூடியை இறுக்கிவிடாதீர்கள். அந்தப் பகுதியைப் புத்தகத்திலுள்ள வரைபைப் பார்த்தே வரையட்டும்.