கரும்புச்சாறு கடை: ஐஸ் கணக்கு கேள்வி பதில்

ஒரு கிளாஸுக்கு எவ்வளவு ஐஸ் போடணும்ணே? கண்ணளவுல போட்டா ஒரு நாள் இனிக்குது, ஒரு நாள் சப்புனு இருக்கு.

தராசில் நிறுத்துப் போடுங்கள். 32 டிகிரியில் இருக்கும் 200 மில்லி சாறு 8 டிகிரிக்கு இறங்க, ஏறக்குறைய 55 கிராம் ஐஸ் கரைந்தாக வேண்டும். கரைந்ததெல்லாம் தண்ணீர்தான். கிளாஸில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் நின்றால் சப்பென்றுதான் இருக்கும்.

வழி இருக்கிறது. ஒரு லிட்டர் எவர்சில்வர் தூக்கில் சாற்றைப் பிடித்து, ஐஸும் தண்ணீரும் கலந்த தொட்டியில் கழுத்தளவு இறக்கி வையுங்கள். வெறும் கட்டிகள் அங்கங்கேதான் பாத்திரத்தைத் தொடும், தண்ணீர் சுற்றிலும் தொடுவதால் சீக்கிரம் குளிரும். ஆனால் கால் மணி நேரத்தில் விற்பதை மட்டும் பிழியுங்கள். தேங்கிய சாறு முதலில் கறுக்கும், பிறகு புளிக்கும். எலுமிச்சை கறுப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்.

ஒரு கட்டு கரும்புக்கு எத்தனை கிளாஸ்னு கணக்கு வைக்கலாம்?

20 கிலோ வாங்கினால் சீவி, கொழுந்து கழித்து 17 கிலோ நிற்கும் என்று வைப்போம். இரண்டு மூன்று தடவை மடக்கிப் பிழிந்தால் எடையில் பாதி, எட்டரை லிட்டர். 200 மில்லி வீதம் 42 கிளாஸ் வரும். சிந்தல், நுரை போக 40 என்று எழுதுங்கள். கரும்பின் விலையை 40ஆல் வகுத்து, அதன்மேல் ஐஸ், எலுமிச்சை, இஞ்சி, டீசல் சேருங்கள். சக்கை ஈரமாக வந்தால் உருளை இடைவெளி கூடியிருக்கிறது, இந்தக் கணக்கு பொய்யாகும்.

அந்த ஐஸ் தண்ணிதானே லாபமே? 150 மில்லி சாறு ஊத்தி ஐஸ் போட்டா 56 கிளாஸ் ஆகுதே!

56 சரி. ஆனால் ஐஸும் காசுதான். குடித்து முடிப்பதற்குள் இன்னும் கரையும், கடைசி மடக்கு வெறும் தண்ணீர்.

நாலு வருஷமா அப்படித்தான் விக்கிறேன், எவனும் கேட்டதில்ல.

கேட்காமல் பக்கத்துக் கடைக்குப் போனவர்களை நீங்கள் எண்ணியிருக்க முடியாது. ஐஸ் போடாத கிளாஸ் ஒன்றும் சேர்த்து வைத்து, ஒரு வாரம் எது அதிகம் போகிறது என்று எழுதிப் பாருங்கள்.

ஐஸ் மேல கல் உப்பு தூவினா ரொம்ப நேரம் நிக்கும். நான் அப்படித்தான் செய்றேன்.

உப்பு குளிர்ச்சியைக் கூட்டும், அது உண்மை. கட்டியோ சீக்கிரம் கரையும். தூக்கைச் சுற்றி வேண்டுமானால் போடுங்கள், பெட்டியில் சேமிக்கும் ஐஸுக்கு வேண்டாம். அங்கே அடியில் மரச்சட்டம், ஓரத்தில் வடிகால், மேலே கனமான சாக்கு. கரைந்த நீரில் கட்டி கிடந்தால் வேகமாகத் தேயும்.

மீன் கடைக்கு வர்ற ஐஸ் மலிவா கிடைக்குது, வாங்கலாமா?

சாற்றில் போடக் கூடாது. உறைவதால் கிருமி சாகாது. குடிநீரில் உறைய வைத்த ஐஸ் மட்டும்.

வெளியே கழுவிட்டு போட்டா?

கூடாது. கிருமி கட்டிக்குள்ளும் இருக்கும்.

மோருக்கும் இதே அளவா?

மோரில் ஐஸே போடாதீர்கள். பானையைத் தொட்டியில் இறக்குங்கள்.

இளநீர் எங்க மொத்தமா வாங்குறது?

அது எனக்குத் தெரிந்த தொழில் இல்லை. இறக்குகிறவர்களிடம் கேளுங்கள்.

ஒரு கிளாஸுக்கு எத்தனை கட்டி ஐஸ் போடலாம்?

முதல் பதிலைப் படியுங்கள். கட்டியை எண்ணாதீர்கள், நிறுங்கள்.