இரவு வானப் படத்தை விவரிப்பது எப்படி?

"நான் எடுத்த படத்தில் இருக்கும் விண்மீன் கூட்டம் எது? கேட்பதற்கு என்னென்ன சொல்ல வேண்டும்?"

எடுத்த இடம், தேதி, மணி, கேமரா பார்த்த திசை, தொடுவானம் படத்தில் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லுங்கள். மணி மட்டும் போதாது, ஏனென்றால் விண்மீன்கள் தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாகவே உதிக்கும், ஒரு மாதத்தில் அது 2 மணி நேரமாகிவிடும். அப்புறம், பிரகாசமானவற்றின் அமைப்பையும் நிறத்தையும் மட்டும் சொல்லுங்கள், மங்கலானவை குழப்பத்தான் செய்யும்.

"ஜனவரி நடுவில், இரவு 8 மணி, கிழக்கு வானம், நெருக்கமாக ஒரே வரிசையில் மூன்று, அதற்கு ஒருபுறம் செம்மஞ்சளாக ஒன்று, எதிர்ப்புறம் நீலவெள்ளையாக ஒன்று" என்றால் ஓரியன்தான். சரிபார்க்க அந்த வரிசையைத் தொடுவானம் பக்கமாக நீட்டினால் சிரியஸ் என்ற விண்மீன் அருகே போகும், மேல்பக்கம் நீட்டினால் ரோகிணி விண்மீன் அருகே. எந்த வடிவத்திலும் சேராத பளிச்சென்ற புள்ளி பெரும்பாலும் கோளாக இருக்கும்.