அப்பாவின் கடனை என் பெயருக்கு மாற்ற முடியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. அவர் பெயரில் ஒரு தனிநபர்க் கடனும், வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் ஒன்றும் இருக்கின்றன. இரண்டு வருடமாகத் தவணை என் கணக்கிலிருந்துதான் போகிறது. "இனி இந்தக் கடன்கள் என் பொறுப்பு" என்று எழுதி, நானும் அப்பாவும் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறோம். அப்பா கடனிலிருந்து விடுபட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா? வங்கியிடம் வேறு எதுவும் வாங்க வேண்டுமா?

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது. நீங்கள் எழுதி வைத்த காகிதம் உங்கள் இருவரையும்தான் கட்டுப்படுத்தும். அதை வைத்து அப்பா உங்களிடம் "சொன்னபடி கட்டு" என்று கேட்கலாம். வங்கிக்கு அது சம்பந்தமில்லாத காகிதம். இரண்டு தவணை தவறினால் நோட்டீஸ் அப்பா பெயருக்குத்தான் வரும். பணம் உங்கள் கணக்கிலிருந்து போனாலும், வங்கியின் ஏட்டில் அது அப்பா கட்டிய பணம்.

கடன் கொடுத்தவர் ஓர் ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார். அவருடைய வருமானம், பழைய கணக்கு வழக்கு, சொத்து எல்லாம் பார்த்துத்தான் கையெழுத்து வாங்குகிறார். அந்த இடத்தில் வேறு ஆளை உட்கார வைக்க அவர் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை.

சம்மதம் என்பதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, உங்களைக் கடன்தாரராக ஏற்பது. இன்னொன்று, அப்பாவை விடுவிப்பது. வங்கி முதலாவதை மட்டும் சந்தோஷமாகச் செய்யும், ஏனென்றால் அதில் அதற்கு லாபம்தான்: ஒரு கடனுக்கு ஒரு ஆள் இருந்த இடத்தில் இப்போது இரண்டு ஆள். இரண்டாவதைக் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும்.

இதைக் காகிதத்தில் கண்டுபிடிப்பது எளிது. "கூடுதல் கடன்தாரராகச் சேர்க்கப்படுகிறார்", "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற சொற்கள் இருந்தால் அப்பா அப்படியே இருக்கிறார், நீங்களும் உள்ளே வந்துவிட்டீர்கள். முழுக் கடனையும் உங்கள் ஒருவரிடமே வசூலிக்கலாம், அவர் ஒருவரிடமே வசூலிக்கலாம். உங்களுக்கு வேண்டியது, "முந்தைய கடன்தாரர் இன்ன தேதி முதல் இந்தக் கடனின் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விடுவிக்கப்படுகிறார்" என்ற பொருளில், கடன் எண்ணுடன், வங்கிக்காகக் கையெழுத்திட அதிகாரம் உள்ளவர் போட்ட கடிதம். சட்டக்காரர்கள் இதை நோவேஷன் என்பார்கள்: பழைய ஒப்பந்தம் முடிந்து, அதன் இடத்தில் உங்களுடன் புதிய ஒப்பந்தம். கவுண்டரில் இருப்பவர் "பார்த்துக்கலாம் சார்" என்று சொல்வது இதில் சேராது. எனக்குத் தெரிந்த ஒருவர் அம்மாவின் கடனை மாற்றிவிட்டதாக நம்பி நாலு வருடம் கட்டினார். தன் பெயரில் ஒரு கடன் கேட்கப் போனபோது, வட்டி கட்டியதற்கான கணக்குத்தாளைக் கொடுத்தார்கள். அதில் இருந்தது அம்மாவின் பெயர் மட்டும்தான்.

அப்புறம், பழைய கடனுக்கு யாராவது ஜாமீன் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அவர் ஜாமீன் போட்டது உங்கள் அப்பாவுக்காக, உங்களுக்காக அல்ல. அவர் சம்மதம் இல்லாமல் கடன்தாரரை மாற்றினால் ஜாமீனே செல்லாமல் போகலாம் என்பது வங்கிக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவரிடம் புதிதாகக் கையெழுத்து கேட்கும், இல்லையென்றால் வேறு ஜாமீன் கேட்கும்.

வீட்டுக் கடனில் இன்னொரு முடிச்சு. வீடு அப்பா பெயரில் இருந்தால், கடன் உங்களுடையதாக மாறினாலும் அடமானம் அவருடைய வீட்டின் மீதே நிற்கும். நீங்கள் கட்டத் தவறினால் போவது அவர் வீடு. வீட்டையும் உங்கள் பெயருக்கு எழுதிவிடலாமே என்று தோன்றும். பல அடமான ஒப்பந்தங்களில், வங்கியின் அனுமதி இல்லாமல் சொத்து கைமாறினால் மொத்தக் கடனையும் உடனே கட்டச் சொல்லலாம் என்று ஒரு பிரிவு இருக்கும். பத்திரம் எழுதும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

தனிநபர்க் கடனைப் பொறுத்தவரை, "பெயர் மாற்றமெல்லாம் செய்வதில்லை, நீங்கள் புதிதாகக் கடன் வாங்கி இதை அடைத்துவிடுங்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதில் தவறில்லை. அப்பா சுத்தமாக வெளியே வர இதுதான் நேரான வழி. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பாக்கி 1 லட்சம், இன்னும் 5 வருடம், அப்பாவுக்கு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 2,076. உங்களுக்குக் கிடைக்கும் புதிய கடன் 12 சதவீதம் என்றால் 2,224. மாதம் 148 என்பது சின்னதாகத் தெரியும். 5 வருடத்தில் அது 8,900 ஆகிவிடும். பழைய கடனை முன்கூட்டியே அடைக்க 2 சதவீதக் கட்டணம் இருந்தால் இன்னும் 2,000. ஆக, ஒவ்வொரு லட்சத்துக்கும் சுமார் 10,900 கொடுத்து அப்பாவின் பெயரை நீக்குகிறீர்கள். அது உங்களுக்கு அவ்வளவு பெறுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று பார்க்க வேண்டும், பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கடன் வாங்கும்போது அப்பா பெயரில் கடன் காப்பீடு எடுத்திருக்கிறார்களா? கடன்தாரர் இறந்தால் பாக்கியை அடைப்பதற்காக எடுக்கும் காப்பீடு அது. அது அவர் உயிரின் மீது எடுத்தது. கடன் உங்கள் பெயருக்கு மாறினாலோ அடைபட்டாலோ அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் அத்தோடு போய்விடும். காப்பீடு நடப்பில் இருந்து, அவர் வயதுக்கு இன்னும் செல்லுபடியாகிறது என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் பெயரை மாற்றவே மாட்டேன். தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பேன்.

காப்பீடு இல்லாவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். பல நாட்டுச் சட்டங்களில் பெற்றோரின் கடன் முதலில் அவர்கள் விட்டுச் சென்ற சொத்திலிருந்துதான் தீர்க்கப்படும். பிள்ளை என்பதாலேயே அது உங்கள் கைப்பணத்துக்கு வந்துவிடாது. சில நாடுகளில் வாரிசாகச் சொத்தை ஏற்றால் கடனும் சேர்ந்து வரும் என்பதால், உங்கள் ஊர்ச் சட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும் கூடுதல் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பை நீங்களே கழற்றிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

இப்போதைய ஏற்பாட்டையே தொடர்வது என்று முடிவு செய்தால், இரண்டு காகிதங்கள் போதும். கடன் கணக்கு விவரங்களை உங்களிடம் சொல்லலாம், நோட்டீஸின் நகலை உங்களுக்கும் அனுப்பலாம் என்று அப்பா வங்கிக்குக் கொடுக்கும் அனுமதிக் கடிதம் ஒன்று. அவர் தெளிவாக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். இன்னொன்று வீட்டுக்குள் வைத்துக்கொள்ள: நீங்கள் கட்டும் பணம் அப்பாவுக்குக் கொடுத்த அன்பளிப்பா, வீடு பங்கு பிரியும்போது கழித்துக்கொள்ள வேண்டிய தொகையா என்று எழுதி, கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் கையெழுத்து வாங்கிய குறிப்பு. முன்பு எழுதிய அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட வேண்டாம், இந்தக் குறிப்போடு சேர்த்து வையுங்கள்.