லாபம் இருந்தும் இவிஏ மைனஸ்: கணக்கில் எங்கே தப்பு?

"நிகர லாபம் 12 கோடி. ஆனால் இவிஏ மைனஸ் 5 கோடி வருகிறது. ஈக்விட்டி 100 கோடி (செலவு 14%), கடன் 50 கோடி (வட்டி 8%), வரி 25%. எங்கே தப்பு?"

இவிஏ என்பது வரி போன செயல்பாட்டு லாபத்திலிருந்து, கடன், ஈக்விட்டி இரண்டின் செலவையும் கழித்தபின் மிஞ்சுவது. நீங்கள் வட்டியை இரண்டு முறை கழித்திருக்கிறீர்கள். 12 கோடி என்பது வட்டி போக மிஞ்சியது. அதிலிருந்து மொத்த மூலதனச் செலவையும் எடுத்தால் கடன்காரருக்கு இரட்டைப்படி!

வட்டிக்கு முந்தைய செயல்பாட்டு லாபத்தில் தொடங்குங்கள். உங்கள் எண்களின்படி அது 20 கோடி. 25% வரி போக 15 கோடி. மூலதனச் செலவு: ஈக்விட்டிக்கு 14 கோடி, கடனுக்கு வரிச்சலுகை போக 6% வீதம் 3 கோடி, ஆக 17. இவிஏ மைனஸ் 2 கோடி. சரிபார்க்க, நிகர லாபம் 12-இல் ஈக்விட்டி செலவு 14-ஐக் கழித்துப் பாருங்கள், அதே விடைதான்.

மைனஸ் போகாது, அது நிஜம். லாப நட்டக் கணக்கு வட்டியைச் செலவாக எழுதும். பங்குதாரர் பணத்துக்கு ஒரு பைசாகூட எழுதாது. அவர்கள் 14% எதிர்பார்க்க, கிடைத்தது 12%.

இன்னொன்று: தேய்மானத்தால் மூலதனத்தின் புத்தக மதிப்பு குறையக் குறைய, லாபம் அப்படியே இருந்தாலும் இவிஏ ஏறும். பழைய இயந்திரத்தை மாற்றாத மேலாளர் கெட்டிக்காரராகத் தெரிவது இப்படித்தான்.