கொலஸ்ட்ரால் மாத்திரை சுகரை ஏற்றினால் நிறுத்திவிடலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 57 வயது. எட்டு வருடமாகச் சுகர், மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறேன். நான்கு மாதம் முன்பு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. எழுதிக் கொடுத்தார்கள். கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 142-லிருந்து 88 ஆனது. ஆனால் மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 7.1-லிருந்து 7.3 ஆகிவிட்டது. இந்த மாத்திரை சுகரை ஏற்றும் என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். பத்து நாளாக நிறுத்திவிட்டேன். நான் செய்தது சரியா?

பதில்: மருந்துக் கடையில் சொன்னது பொய்யில்லை. ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் சுகரைக் கொஞ்சம் ஏற்றும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012-லேயே இதை மருந்துக் குறிப்பில் சேர்க்க வைத்தது. ஆனாலும், சுகர் கூடியது ஒன்றுதான் காரணம் என்றால், இன்றிரவே மாத்திரையை மறுபடி தொடங்குங்கள் என்பேன்.

கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியைத் தடுப்பதுதான் ஸ்டாட்டினின் வேலை. அந்த நொதி பிறவியிலேயே சற்று மந்தமாக உள்ளவர்களைப் பார்த்தபோது, அவர்களுக்கும் எடையும் சர்க்கரை நோய் வாய்ப்பும் ஒரு துளி கூடுதலாக இருந்தன. அதாவது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் அதே வேலையோடு ஒட்டி வருவதுதான் இந்தச் சுகர் ஏற்றமும். கம்பெனியை மாற்றி வாங்கினால் போய்விடாது.

சரி, எவ்வளவு ஏறும்? ஏற்கெனவே சுகர் உள்ளவர்களுக்கு, நீங்கள் சாப்பிடும் அளவில் எச்பிஏ1சி சராசரியாக 0.1 அளவுக்குக் கூடும். 40, 80 மி.கி. போன்ற பெரிய டோஸில் 0.2 வரை போகலாம். உங்களுக்குக் கூடியது 0.2. இந்த அளவு வித்தியாசம் ஒரே ரத்தத்தை இரண்டு லேபில் கொடுத்தாலே வரக்கூடும். அதனால் முழுப் பழியையும் மாத்திரை மேல் போட முடியாது. ஆனாலும் முழுவதும் மாத்திரையால்தான் என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

இங்கிலாந்தில் நடந்த யூகேபிடிஎஸ் என்ற பெரிய ஆய்வில், எச்பிஏ1சி ஒரு முழுப் புள்ளி குறைவாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு 14 சதவீதம் குறைவாக இருந்தது. அந்தக் கணக்கில், 0.2 கூடினால் மாரடைப்பு அபாயம் சுமார் 3 சதவீதம் ஏறும். இப்போது மறுபக்கம். சர்க்கரை நோயாளிகள் 18,000-க்கும் மேற்பட்டவர்களின் ஆய்வு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்டிஎல் 39 குறையும் ஒவ்வொரு முறையும் மாரடைப்பு, பக்கவாதம், இதயக் குழாய் அடைப்புக்கான சிகிச்சை எல்லாம் சேர்ந்து 21 சதவீதம் குறைந்தன. உங்களுக்கு எல்டிஎல் 54 குறைந்திருக்கிறது. அப்படியானால் அபாயம் கால் பங்குக்கு மேல் இறங்குகிறது. ஒரு பக்கம் 3, இன்னொரு பக்கம் 25-க்கு மேல்.

இந்தக் கழித்தலைக்கூட நாம் செய்யத் தேவையில்லை என்பதுதான் முக்கியம். அந்த ஆய்வுகளில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சுகர் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. அதன் கெடுதலையும் உள்ளடக்கிய பிறகு மிஞ்சிய நன்மைதான் அந்த 21 சதவீதம். சர்க்கரை நோயாளிகளிடம் மட்டுமே நடத்தி 2004-இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில் கொடுத்தது அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி.தான். பலன் தெளிவாகத் தெரிந்ததால் அதைத் திட்டமிட்டதற்கு இரண்டு வருடம் முன்பாகவே நிறுத்தினார்கள். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 37 சதவீதம் குறைந்திருந்தன.

மாத்திரையை விட்டால் எல்டிஎல் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். அது ஏறுவது உடம்புக்குத் தெரியாது என்பதுதான் எனக்குக் கவலை. சுகர் ஏறினால் குளுக்கோமீட்டர் காட்டிவிடும், அதைச் சரிசெய்ய வழியும் நிறைய. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிட நடை, ஒரு கரண்டி சோறு குறைப்பது, தேவைப்பட்டால் உங்கள் மருத்துவர் மெட்ஃபார்மின் அளவைச் சற்றுக் கூட்டுவது போதும், 0.2 இறங்கிவிடும்.

எச்பிஏ1சி 7.1-லிருந்து 8.5 என்று தாவியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அவ்வளவு ஏற்றத்துக்கு ஸ்டாட்டின் காரணமாக இருப்பது அரிது. மூட்டு வலிக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசி, விட்டுப்போன சுகர் மாத்திரை, ஆறாத கிருமித் தொற்று, இரும்புச்சத்துக் குறைவான ரத்தசோகை ஆகியவற்றைத் தேட வேண்டும். கடைசியாகச் சொன்னது சுகர் கூடாமலே எச்பிஏ1சியைக் கூட்டிக் காட்டும்.

இரண்டு தொடையிலும் தோளிலும் காரணமில்லாத வலி, சிறுநீர் கறுத்துப் போவது, கண் மஞ்சளாவது என்று ஏதாவது இருந்ததால் நிறுத்தினீர்கள் என்றால், தொடங்குவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கும் இந்த மாத்திரை பொதுவாக வேண்டாம். டோஸைக் கூட்ட வேண்டிய நிலை வந்தால், 80-க்குப் போகாமல் எஸெடிமைப் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். அது எல்டிஎல்லைக் குறைக்கும், சுகரை ஏற்றுவதில்லை. மூன்று மாதம் கழித்து, முன்பு கொடுத்த அதே லேபில் எல்டிஎல், எச்பிஏ1சி இரண்டையும் ஒன்றாகப் பார்த்துவிடுங்கள்.