எடை குறையவில்லை என்றால் இடுப்பை அளந்து பாருங்கள்

கேள்வி: மூணு மாசமா நடக்கிறேன், தசைப் பயிற்சியும் செய்றேன். எடை ஒரு கிலோதான் இறங்கியிருக்கு. எடை மெஷினை விட்டா வேற எதைப் பார்த்து பலன் இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்?

பதில்:

இதே நிலையில்தான் என் அண்ணன் இருந்தார். உயரம் 160 செ.மீ., எடை 66 கிலோ. மூன்று மாதம் கழித்து 65. ஆனால் இடுப்பு 90-லிருந்து 84 செ.மீ. ஆகியிருந்தது. உயரத்தால் வகுத்தால் 0.56, இப்போது 0.53-க்குள். இடுப்பு உயரத்தில் பாதிக்குக் கீழே, அதாவது 0.5-க்குள், இருப்பது நல்லது. 0.6-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம். அவர் இன்னும் 80-க்குக் கீழே வரவேண்டும்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை அவருக்கு 112-லிருந்து 101 ஆனது. இது தற்செயல் இல்லை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் இன்சுலின் பேச்சைக் கேட்காமல் இரவெல்லாம் சர்க்கரையை வெளியே விடுகிறது. உடற்பயிற்சியில் இந்தக் கொழுப்பு கரையும்போது தசை கொஞ்சம் கூடினால், எடை மெஷினுக்கு இரண்டும் சரிக்குச் சரி. டேப்புக்கு அப்படி இல்லை.

ஆனால் டேப்பைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி, சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு அளவைப் பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. பேன்ட் சைஸை நம்பவே வேண்டாம். தொப்பை உள்ளவர்கள் பேன்ட்டை அதற்குக் கீழேதான் கட்டுகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

வெறும் வயிற்றுச் சர்க்கரையில் 100-க்குக் கீழே இயல்பு, 100 முதல் 125 வரை முன்நிலை, 126-ம் அதற்கு மேலும் இன்னொரு பரிசோதனையிலும் உறுதியானால் நீரிழிவு. தூக்கம் கெட்ட ஒரு ராத்திரியே அதைக் கொஞ்சம் ஏற்றிவிடக்கூடும் என்பதால், ஒரே அளவை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால், அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கையை மேசை மேல் இதய உயரத்தில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கையில் சுற்றும் பட்டை சின்னதாக இருந்தால் அளவு பொய்யாக ஏறும். பருமனான கை உள்ளவர்களுக்கு அநியாயமாக மாத்திரை ஆரம்பிக்க இதுவே போதும். சில நாள் அளவுகளின் சராசரி 135/85-ஐத் தொட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம், ஏற்கெனவே அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால், இடுப்பு இறங்க இறங்க அதே டோஸ் அதிகமாகிப் போகலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், திடீர் நடுக்கம், வியர்வை வந்தால் நீங்களாக மாத்திரையை நிறுத்தாமல், குறித்து வைத்த அளவுகளோடு டாக்டரிடம் போய் டோஸைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.