ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர் அத்துமீறினால் "பொறுத்துப் போ" என்கிறார் மேலாளர். முதலாளிக்குப் பொறுப்பே கிடையாதா?

உண்டு. நீங்கள் சேலைப் பிரிவில் நிற்கும் பெண் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஒரு பெரிய கடையில் பட்டுப் பிரிவின் மேற்பார்வையாளராக இருந்தேன். முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுவதும் அங்கே வேலைதான். ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஒருவர், மனைவி பில் போடப் போனதும், எங்கள் பெண் ஒருத்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லிக் கைப்பேசியில் படம் எடுத்தார். தடுத்தவளின் தோளில், மடிப்பைச் சரிசெய்கிற சாக்கில் கை வைத்தார். அவள் கத்திவிட்டாள். ஓடிவந்த மேலாளர் அவளைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

நான் விடவில்லை. அவளை உள்ளே அனுப்பிவிட்டு, அன்று மாலையே கேமரா பதிவைப் பிரதி எடுக்கச் சொன்னேன்; சில வாரங்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். நேரம், கவுண்டர், நடந்தது எல்லாவற்றையும் அவள் கைப்பட எழுதினாள். ஆளின் தொலைபேசி எண் பில்லிலேயே இருந்தது.

"உள்ளகப் புகார்க் குழு ஊழியர்களை விசாரிக்கத்தான், வாடிக்கையாளரை அது என்ன செய்யும்?" என்றார் முதலாளி. பாதி உண்மை. வெளியாளைக் குழு தண்டிக்க முடியாது. ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-இன் 19ஆம் பிரிவு, பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பெண் ஊழியரைக் காக்கும் கடமையை முதலாளி தலையில் வைக்கிறது. அத்துமீறியவர் வெளியாளாக இருந்து, அந்தப் பெண்ணும் விரும்பினால், குற்ற நடவடிக்கைக்கு முதலாளியே ஏற்பாடு செய்ய வேண்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்தேன்.

விருப்பம் என்ற இடத்தில்தான் சிக்கல். வீட்டுக்குத் தெரிந்தால் வேலையை விடச் சொல்வார்கள் என்று அவள் பயந்தாள். அவள் சம்மதிக்கும்வரை காத்திருந்தோம். பிறகு கடையின் கடிதத்தாளில், பதிவோடு சேர்த்துக் காவல் நிலையத்துக்குப் புகார் போனது. அந்த ஆள் வந்து, படங்களை அழித்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் வழக்கு வேண்டாம் என்றாள் அவள். இப்போது நடந்தால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பாலியல் துன்புறுத்தலுக்கான 75ஆம் பிரிவு வரும்.

பத்துப் பேருக்குக் குறைவான கடையா? குழு இருக்காது, மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதங்களுக்குள் எழுதிக் கொடுங்கள்.

எல்லா வாடிக்கையாளரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. "விற்பனைப் பெண்களுக்கு மட்டும் வாய் குறைவா?" என்று கேட்க வருகிறவர்களே, வாய்க்குப் பதில் வாய்தான், கை அல்ல. ஆண் ஊழியர்களும் அறை வாங்குகிறார்கள் என்பதும் தெரியும். இந்தச் சட்டம் அவர்களுக்கு உதவாது என்பது குறைதான்.

சட்டம் என்றதும் இன்னொன்று. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் கடையிலும் ஸ்டூல்கள் வாங்கினார்கள். அவற்றின்மேல் சேலைக் கட்டுகளை அடுக்கினார்கள். தொழிலாளர் ஆய்வாளர் வரும் அன்று மட்டும் கட்டுகள் கீழே இறங்கும்.